மெயினை அணைத்தாலும் அணையாத கூரை: சோலார் வீட்டில் தீ பிடித்தால் கம்பிகளில் என்ன நடக்கிறது?

கிருஷ்ணகிரி, ஓசூர், தர்மபுரி பக்கம் இப்போது எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒன்றிரண்டு மொட்டை மாடிகளில் சோலார் பேனல் தெரிகிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசின் சூர்ய கர் திட்டம் வந்து, 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் என்று ஆனதும் வேகம் இன்னும் கூடியது. கூடவே இரண்டு கேள்விகளும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. "சோலார் இருக்கிற வீட்டில் தீ பிடித்தால் ஃபயர் சர்வீஸ்காரர்கள் தண்ணீரே அடிக்க மாட்டார்களாமே?" என்பது ஒன்று. "மெயினை ஆஃப் செய்துவிட்டால் கரண்ட் போய்விடுமே, அப்புறம் என்ன பயம்?" என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்குப் பதில்: அடிப்பார்கள், ஆனால் தூரமும் முறையும் பார்த்து அடிப்பார்கள். இரண்டாவதில்தான் உண்மையான ஆபத்து ஒளிந்திருக்கிறது. மெயினை அணைத்தாலும் கூரையிலிருந்து வரும் கம்பியில் மின்சாரம் இல்லாமல் போய்விடுவதில்லை. அந்தக் கம்பியின் வோல்டேஜ் அந்த நொடியில் கொஞ்சம் ஏறவே செய்கிறது. இது எப்படி என்று புரிந்துவிட்டால், 'ரேபிட் ஷட்டவுன்' என்ற ஏற்பாடு எதற்கு, அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதெல்லாம் தானாகத் தெளிவாகும்.

## முதலில் ஒரு பெயர்க் குழப்பம்

நம் வீடுகளில் 'இன்வெர்ட்டர்' என்றால் கரண்ட் போனதும் ஃபேன் ஓட வைக்கும் பேட்டரிப் பெட்டி. சோலாரில் வரும் இன்வெர்ட்டர் வேறு. பேனலிலிருந்து வருவது டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். வீட்டுக்கும் ஈபி லைனுக்கும் வேண்டியது ஏசி. டிசியை ஏசியாக மாற்றுவதுதான் சோலார் இன்வெர்ட்டரின் வேலை. பெரும்பாலான வீடுகளில் இதில் பேட்டரி இருக்காது. ஈபி லைனில் கரண்ட் போனால் இந்தப் பெட்டியும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மேல் நம் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் தவறான முடிவுக்கு வந்துவிடுகிறோம். இன்வெர்ட்டர் நின்றுவிட்டது, அதனால் சோலாரே நின்றுவிட்டது என்று நினைக்கிறோம். நின்றது மாற்றும் பெட்டி மட்டும்தான். பேனலுக்கு ஸ்விட்ச் கிடையாது. வெயில் அதன் மேல் படுகிற வரை அதன் இரண்டு முனைகளுக்கு நடுவே வோல்டேஜ் இருந்துகொண்டே இருக்கும்.

## ஒரு வீட்டின் கம்பியைத் தொடர்ந்து போவோம்

காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். மொட்டை மாடியில் ஆள் உயரத்துக்கு இரும்புச் சட்டம், அதன் மேல் 540 வாட் பேனல்கள் ஆறு. ஆறையும் ஒன்றின் வாலில் இன்னொன்றாகத் தொடராக இணைத்திருக்கிறார்கள். இதற்கு 'ஸ்ட்ரிங்' என்று பெயர். அதன் இரண்டு முனைகளிலிருந்தும் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று என இரண்டு கம்பிகள் பைப்புக்குள் இறங்கி, மாடிப்படிச் சுவர் வழியாகக் கீழ்த்தளம் வருகின்றன. படிக்கட்டின் கீழே இன்வெர்ட்டர். கூரையிலிருந்து அதுவரை 18 மீட்டர் நீளம்.

ஏப்ரல் மாதம், மதியம் பன்னிரண்டரை மணி. பேனல் 65 டிகிரி வரை சூடேறியிருக்கிறது. இப்போது படிப்படியாகப் பார்ப்போம்.

1. எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பேனலும் சுமார் 37 வோல்ட் தருகிறது. ஆறும் சேர்ந்தால் ஏறக்குறைய 220 வோல்ட். கம்பியில் 12 முதல் 13 ஆம்பியர் ஓடுகிறது.

2. வீட்டின் மெயின் ஸ்விட்சை அணைக்கிறோம். இன்வெர்ட்டர் நின்றுவிடுகிறது. மின்னோட்டம் பூஜ்யமாகிறது. ஆனால் இழுப்பதற்கு ஆளில்லாத பேனல் தன் முழு வோல்டேஜுக்கு எழும்பும். சூடான பேனலில் அது 44 வோல்ட் அளவு. ஆறுக்கும் சேர்த்து சுமார் 265 வோல்ட். 220 ஆக இருந்தது 265 ஆகிவிட்டது.

3. இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் டிசி ஸ்விட்சையும் அணைக்கிறோம். இப்போது இன்வெர்ட்டருக்குள் போகும் வழி துண்டிக்கப்பட்டது. உள்ளே கெபாசிட்டர்களில் தேங்கியிருக்கும் மின்சாரம் வடிய சில நிமிடம் ஆகும். எத்தனை நிமிடம் என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். ஆனால் ஸ்விட்சுக்கு மேலே போகும் 18 மீட்டர் கம்பி? அது அப்படியே 265 வோல்ட்டில் இருக்கிறது.

பனிக்காலத்தில் தளி, ஓசூர் பக்கம் காலைக் குளிரில் இதே ஆறு பேனல் 300 வோல்ட்டைத் தாண்டும். குளிரக் குளிர பேனலின் வோல்டேஜ் கூடும். தொழிற்சாலைக் கூரைகளில் ஒரு ஸ்ட்ரிங்கில் இன்னும் நிறைய பேனல் இருப்பதால் 1000 வோல்ட் வரை போவது சாதாரணம்.

ஆக, கீழே எத்தனை ஸ்விட்ச் இருந்தாலும் அவை தமக்குக் கீழே இருப்பதை மட்டுமே அணைக்கும். ஸ்விட்சுக்கும் பேனலுக்கும் நடுவே இருக்கும் கம்பியை அவற்றால் தொட முடியாது. வெட்டுகத்தியோ கோடரியோ கொண்டு புகை நிறைந்த படிக்கட்டில் ஏறுகிற தீயணைப்பு வீரரின் கைக்கு முதலில் மாட்டுவது அந்தக் கம்பிதான்.

## ஃபியூஸ் ஏன் காப்பாற்றுவதில்லை

"ஷார்ட் ஆனால் எம்சிபி விழுந்துவிடுமே" என்பது நியாயமான கேள்வி. ஈபி லைனில் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். அந்தப் பாய்ச்சலைப் பார்த்துத்தான் எம்சிபி விழுகிறது. பேனலால் அப்படிப் பாய்ச்ச முடியாது. நம் 540 வாட் பேனலின் இரண்டு முனைகளையும் நேரடியாகச் சேர்த்துப் பிடித்தாலும் 14 ஆம்பியருக்குப் பக்கத்தில்தான் வரும். வேலை செய்யும்போது ஓடுவதே 13. இந்த ஒரு ஆம்பியர் வித்தியாசத்தை வைத்து எந்த ஃபியூஸாலும் 'இது கோளாறு' என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரே ஒரு ஸ்ட்ரிங் உள்ள வீட்டில், கூரைக் கம்பியில் ஷார்ட் ஆனால் ஃபியூஸ் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்.

தீ எங்கே தொடங்குகிறது என்பதையும் இதோடு சேர்த்தே பார்த்துவிடலாம். பேனலையும் பேனலையும் இணைப்பது விரல் அளவுள்ள ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கனெக்டர். 'எம்சி4' என்று சொல்வார்கள். சரியாக நசுக்கிப் பொருத்திய கனெக்டரில் தடை ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பிளையரால் அரைகுறையாக அழுத்தியிருந்தாலோ, ஒரு கம்பெனியின் ஆண் கனெக்டரை இன்னொரு கம்பெனியின் பெண் கனெக்டரில் திணித்திருந்தாலோ, வருடம் போகப் போகத் தடை ஏறும். அது 0.1 ஓம் ஆனதென்று வையுங்கள். 12.5 ஆம்பியர் ஓடும்போது அங்கே உண்டாகும் வெப்பம் 12.5 × 12.5 × 0.1, அதாவது 15 வாட்டுக்கு மேல். ரேடியோ பழுது பார்ப்பவர் வைத்திருக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றை மூடிய பிளாஸ்டிக்குக்குள் வைத்து நாள் முழுக்க ஓட விட்டது போல.

பிளாஸ்டிக் உருகி, உள்ளே உலோகம் விலகியதும் இடைவெளியில் தீப்பொறி தாவுகிறது. ஏசியாக இருந்தால் நொடிக்கு நூறு தடவை மின்னோட்டம் பூஜ்யத்தைத் தொட்டுப் போகும். பொறி அணைய அதுவே ஒரு வாய்ப்பு. டிசியில் அந்த மூச்சு விடும் நேரமே கிடையாது. ஒரு தடவை பிடித்த பொறி வெயில் இருக்கும் வரை எரியும். கீழே வைக்கோலோ, காய வைத்த தென்னை ஓலையோ, பழைய மெத்தையோ இருந்தால் மீதி வேலையை அது பார்த்துக்கொள்ளும். நம் பக்கம் பேனல் சட்டத்தை ஆள் உயரத்துக்குத் தூக்கிப் போடுவதே அடியில் நிழல் கிடைக்கும் என்றுதான். அந்த நிழலில்தான் விறகும் சாக்கும் சேர்கின்றன. இது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம்.

இப்படி ஆகப் போகிறது என்பதற்கு முன்னறிவிப்பு உண்டு. கனெக்டர் பழுப்பேறும் அல்லது வளையும். அணில், எலி கடித்த இடத்தில் செம்பு தெரியும். இன்னொரு அறிகுறி கொஞ்சம் நுட்பமானது. அதிகாலைப் பனியிலும் மழை நாளிலும் இன்வெர்ட்டர் திரையில் `ISO` என்றோ இன்சுலேஷன் கோளாறு என்றோ காட்டி, ஓட மறுக்கும். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் ஒன்றும் நடக்காதது போல ஓடத் தொடங்கும். "தானாகச் சரியாகிவிட்டது" என்று விட்டுவிடுகிறோம். எங்கோ ஒரு கம்பியின் உறை கிழிந்திருக்கிறது, அல்லது கனெக்டருக்குள் நீர் இறங்கியிருக்கிறது, ஈரத்தில் மின்சாரம் சட்டத்துக்குக் கசிகிறது என்பதுதான் அதன் பொருள். ஆளைக் கூப்பிட வேண்டியது அப்போதுதான்.

## ரேபிட் ஷட்டவுன் என்ன செய்கிறது

கீழே உள்ள ஸ்விட்சால் கூரைக் கம்பியை அணைக்க முடியவில்லை. அப்படியென்றால் ஸ்விட்சை பேனலுக்குப் பின்னாலேயே கொண்டுபோய் வைக்க வேண்டும். ஒவ்வொரு பேனலுக்கும் ஒன்று. ஆனால் எரிகிற கூரையில் ஏறி ஆறு ஸ்விட்சை யார் அணைப்பது? ஆகவே அவை கீழிருந்து, ஒரே செயலில், தாமாகவே அணைய வேண்டும். ரேபிட் ஷட்டவுன் என்பது இவ்வளவுதான்.

பரவலாக உள்ள முறை இது. ஒவ்வொரு பேனலின் பின்னாலும் சோப்புக் கட்டி அளவில் ஒரு பெட்டி. கீழே இன்வெர்ட்டர் பக்கத்தில் ஒரு டிரான்ஸ்மிட்டர். அந்த டிரான்ஸ்மிட்டர் அதே டிசி கம்பி வழியாகவே 'நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன்' என்று ஓயாமல் ஒரு சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும். அது கேட்கும் வரை பெட்டிகள் பேனலைத் திறந்து வைத்திருக்கும். சமிக்ஞை நின்றால் சில நொடிகளில் எல்லாப் பெட்டிகளும் மூடிக்கொள்ளும்.

'அணை' என்று உத்தரவு அனுப்பும் முறை இல்லை இது என்பதைக் கவனியுங்கள். உத்தரவு அனுப்ப வேண்டுமென்றால் கம்பி நல்லபடியாக இருக்க வேண்டும், டிரான்ஸ்மிட்டர் உயிரோடு இருக்க வேண்டும். தீயில் இரண்டையும் நம்ப முடியாது. இங்கே டிரான்ஸ்மிட்டர் எரிந்தாலும், கம்பி அறுந்தாலும், மெயின் அணைந்தாலும் விளைவு ஒன்றுதான்: சமிக்ஞை நிற்கும், பேனல்கள் துண்டிக்கப்படும். டிரான்ஸ்மிட்டருக்கு மின்சாரம் ஈபி பக்கத்து ஏசியிலிருந்து வருவதால், வீட்டு மெயினை அணைப்பதே கூரையையும் அணைப்பதாகிறது.

நம் காவேரிப்பட்டினம் வீட்டில் இது இருந்தால் கணக்கு இப்படி மாறும். மெயினை அணைத்த சில நொடிகளில் ஒவ்வொரு பெட்டியும் வெளியே விடுவது 1 வோல்ட் அளவு. ஆறுக்கும் சேர்த்து 6 வோல்ட். படிக்கட்டில் இறங்கும் கம்பியில் 265 இருந்த இடத்தில் 6. பேனலுக்கும் அதன் பெட்டிக்கும் நடுவே உள்ள ஒரு முழக் கம்பியில் மட்டும் அந்தப் பேனலின் 44 வோல்ட் இருக்கும். அது ஆறாகச் சேர்வதில்லை.

எவ்வளவு குறைந்தால் போதும் என்பதற்கு அளவு வைத்தது அமெரிக்க தேசிய மின் விதித்தொகுப்பு. அதன் 690.12-ஆம் பிரிவு 2014-இல் வந்தது. அப்போது பேனல் கூட்டத்துக்கு வெளியே உள்ள கம்பியைப் பற்றி மட்டும் பேசியது. 2017 பதிப்பு பேனல் கூட்டத்துக்கு உள்ளேயும் புகுந்தது. பேனல் கூட்டத்தின் விளிம்பிலிருந்து ஒரு அடிக்கு அப்பால் உள்ள கம்பி 30 நொடிக்குள் 30 வோல்ட்டுக்குக் கீழே வர வேண்டும், உள்ளே இருக்கும் கம்பி அதே 30 நொடிக்குள் 80 வோல்ட்டுக்குக் கீழே வர வேண்டும் என்றது. வெளியே உள்ள கம்பிக்கு அளவு இவ்வளவு கடுமையாக இருப்பதில் காரணம் உண்டு. தண்ணீர் வழியும் படிக்கட்டில் நனைந்த உடையோடு நிற்பவரின் கைக்கு எட்டுவது அதுதான்.

நம் வீடுகளில் வழக்கமாகப் பொருத்தப்படும் ஸ்ட்ரிங் இன்வெர்ட்டர் அமைப்பில் இந்தப் பெட்டிகள் இருப்பதில்லை. ஒவ்வொரு பேனலுக்கும் ஒரு குட்டி இன்வெர்ட்டர் வைக்கும் மைக்ரோ இன்வெர்ட்டர் முறையில் இவை தேவையும் இல்லை. அங்கே டிசி கூரையை விட்டு இறங்குவதே கிடையாது. கீழே வருவது ஏசி, மெயினை அணைத்தால் அது நின்றுவிடும். புதிதாகப் போடுகிறவர், அதுவும் சிறிய வீட்டுக் கூரைக்கு, இந்த இரண்டில் ஒன்றைக் கேட்டு வாங்குவது நல்லது என்பது என் கருத்து. ஏற்கெனவே போட்டதில் பெட்டி சேர்ப்பதாக இருந்தால், இன்வெர்ட்டரோடு அது ஒத்துப்போகுமா என்று இரண்டின் தயாரிப்பாளர்களிடமும் உறுதி செய்த பிறகே செய்ய வேண்டும்.

## எங்கே கோட்டை விடுகிறோம்

இந்த ஏற்பாட்டை வைத்துவிட்டால் தீ பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ரேபிட் ஷட்டவுன் தீயைத் தடுக்கும் கருவி அல்ல. தீ பிடித்த பிறகு உள்ளே வருகிறவரைக் காக்கும் கருவி. பொறி தாவுவதைக் கண்டுபிடித்து இன்வெர்ட்டரை நிறுத்தும் ஆர்க் பாதுகாப்பு வேறு. சில இன்வெர்ட்டர்களில் அது இருந்தும் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். போட்டவரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது சிக்கல் கனெக்டர் எண்ணிக்கை. ஒவ்வொரு பெட்டியும் கூடுதல் கனெக்டர்களைக் கொண்டு வருகிறது. தீயே கனெக்டரில்தான் தொடங்குகிறது என்று மேலே பார்த்தோம். பாதுகாப்புக்காகச் சேர்த்த பொருளே தீக்குக் காரணமாவது வெறும் கற்பனை அல்ல. ஆஸ்திரேலியாவில் கூரை மேலேயே ஒரு டிசி ஐசோலேட்டர் ஸ்விட்ச் இருந்தே ஆக வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். வெயிலிலும் மழையிலும் கிடந்த அந்த ஸ்விட்சுகளுக்குள் நீர் இறங்கி, அவையே தீ பிடிக்கத் தொடங்கின. 2021-இல் திருத்திய தரநிலையில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். ஆகவே பெட்டி வைத்தால் மட்டும் போதாது. அதன் கனெக்டரும் பேனலின் கனெக்டரும் ஒரே தயாரிப்பாளருடையதாக இருக்க வேண்டும், சரியான கருவியால் நசுக்கியிருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் நம் ஊருக்கு முக்கியம். கரண்ட் அடிக்கடி போகும் பகுதிகளில் பேட்டரியோடு வரும் ஹைபிரிட் இன்வெர்ட்டரை விரும்புகிறார்கள். ஈபி போனாலும் அது வீட்டுக்கு ஏசி கொடுத்துக்கொண்டே இருக்கும். டிரான்ஸ்மிட்டரை அந்த பேக்கப் பக்கத்தில் இணைத்திருந்தால் என்ன ஆகும்? தீயணைப்பு வீரர் மெயினை அணைப்பார். பேட்டரி டிரான்ஸ்மிட்டருக்கு மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். 'நான் இருக்கிறேன்' என்ற சமிக்ஞை நிற்காது. கூரை 265 வோல்ட்டில் அப்படியே இருக்கும், அணைந்துவிட்டது என்ற நம்பிக்கையோடு ஒருவர் கையை வைப்பார். பாதுகாப்பு இல்லாததைவிட இது மோசம். பேட்டரி உள்ள வீட்டில் வாசலுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு அவசர ஸ்விட்ச் வைத்து, டிரான்ஸ்மிட்டரின் இணைப்பும் பேட்டரியின் வெளியீடும் அதில் துண்டிக்கப்படும்படி செய்ய வேண்டும்.

வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரே வழி அளந்து பார்ப்பதுதான். இது வீட்டுக்காரர் செய்யும் வேலை இல்லை, பொருத்துபவர் செய்ய வேண்டியது. நல்ல வெயில் நேரத்தில், 1000 வோல்ட் டிசி தாங்கும் மீட்டரை இன்வெர்ட்டருக்கு வரும் டிசி முனைகளில் வைத்துக்கொண்டு மெயினை அணைக்கச் சொல்லுங்கள். எண்ணிக்கொண்டே இருங்கள். முப்பது எண்ணுவதற்குள் மீட்டர் 30-க்குக் கீழே இறங்க வேண்டும். பேட்டரி இருந்தால் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். கணக்கு முடிப்பதற்கு முன் கண்ணெதிரே இதைக் காட்டச் சொல்வதில் தவறில்லை.

## வந்து நிற்கும் வீரர் என்ன செய்கிறார்

பெட்டிகள் இல்லாத நம் காவேரிப்பட்டினம் வீட்டுக்கே திரும்புவோம். மாடியில் புகை. 101-க்கோ 112-க்கோ அழைத்தாகிவிட்டது. அழைக்கும்போதே "மாடியில் சோலார் இருக்கிறது" என்று சொல்லிவிட வேண்டும். தெருவிலிருந்து பார்த்தால் கைப்பிடிச் சுவர் மறைத்து பேனல் தெரியாமல் போகலாம், புகையில் நிச்சயம் தெரியாது.

1. மெயின், சோலாரின் ஏசி பெட்டி, டிசி ஸ்விட்ச், பேட்டரி இருந்தால் அது என ஒவ்வொன்றாக அணைப்பார்கள். கூரை அணையாவிட்டாலும் இதனால் பயன் உண்டு. அபாயம் 'வீடு முழுக்க' என்பதிலிருந்து 'கூரையும் அந்த 18 மீட்டர் கம்பியும்' என்று சுருங்குகிறது. அந்தக் கம்பி எந்தச் சுவர் வழியாக வருகிறது என்று வீட்டுக்காரர் சொல்ல முடிந்தால் அதுவே பெரிய உதவி.

2. அந்தக் கம்பியை வெட்டுவதில்லை. சிவப்பையும் கறுப்பையும் சேர்த்து வெட்டினால் வெட்டும் கருவியின் வழியாகவே ஷார்ட் ஆகிப் பொறி பறக்கும். கனெக்டரைப் பிடுங்குவதும் இல்லை. ஓட்டம் இருக்கும்போது பிடுங்கினால் கைக்குள்ளேயே பொறி பிடிக்கும்.

3. தண்ணீர் அடிக்கிறார்கள், ஆனால் பூவாகத் தூவி. அமெரிக்காவின் யுஎல் ஆய்வகம் 2011-இல் வெளியிட்ட சோதனைகள் இதற்கு நல்ல அடிப்படை. 1000 வோல்ட் வரை உள்ள பேனல் மீது கட்டித் தாரையாக அடிப்பதானால் 20 அடி, அதாவது 6 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். குறைந்தது 10 டிகிரி விரியும் தூவலாக இருந்தால் 5 அடியிலிருந்தே அடிக்கலாம். ஜெர்மனியின் விதியும் இதற்கு ஒத்தே இருக்கிறது: தூவலுக்கு 1 மீட்டர், தாரைக்கு 5 மீட்டர். துளிகளுக்கு நடுவே காற்று இருப்பதால் மின்சாரம் தொடர்ந்து ஓடி வர வழியில்லை. ஒரு குடம் தண்ணீரைப் பக்கத்தில் நின்று வீசினால் அது கட்டித் தண்ணீர், தூரமும் இரண்டடி. வீட்டுக்காரர்கள் மாடிக்கு வாளி தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். தேங்கிய தண்ணீரிலும் நிற்கக் கூடாது, உள்ளே கம்பி கிடக்கலாம்.

4. தார்ப்பாய் போட்டு மூடினால் அணைந்துவிடுமா? அதே சோதனையில் இதையும் பார்த்தார்கள். ஒளியே புகாத கனத்த துணி போட்டபோது மின்சாரம் நின்றது. ஒளி கசியும் மெல்லிய பிளாஸ்டிக் விரிப்புகளில் ஆபத்தான அளவு மீதம் இருந்தது. சந்தையில் வாங்கும் நீலப் பாயை வெயிலில் பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் தெரியும். அதை நம்ப முடியாது. நுரை அடித்தாலும் வழுக்கி இறங்கிவிடும்.

5. இரவானால் ஆபத்து பெரிதும் குறையும், முழுக்கப் போய்விடாது. தீயணைப்பு வண்டியின் பெரிய விளக்கு பேனல் மேல் விழுந்தாலோ, பக்கத்தில் தீ வெளிச்சம் இருந்தாலோ, கையை விட முடியாதபடி பிடித்துக்கொள்ளும் அளவுக்கு மின்சாரம் வரலாம் என்று அந்தச் சோதனை காட்டியது. நனைந்த கையுறையும் பூட்சும் தரும் பாதுகாப்பு குறைவு என்பதும் அதில் தெரிந்தது.

ஓசூர்ப் பக்கத்துத் தொழில்கூடங்கள், கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்து மாங்கூழ் ஆலைகள் போன்ற ஷீட் கூரைகளில் இன்னொன்றும் சேர்கிறது. கம்பியின் உறை உருகி உலோக ஷீட்டில் ஒட்டினால் ஷீட், சட்டம், சாய்த்து வைத்த அலுமினிய ஏணி எல்லாமே மின்சாரம் உள்ளதாகிவிடலாம். புகையை வெளியேற்ற கூரையில் ஓட்டை போடுவது வழக்கமான முறை. கூரை முழுக்க பேனலை அடுக்கியிருந்தால் அதற்கும் இடமிருக்காது. 2013 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், டெலாங்கோ என்ற ஊரில் ஓர் இறைச்சிக் கிடங்கு எரிந்தபோது இதுதான் நடந்தது. கூரையில் 7,000-க்கு மேற்பட்ட பேனல்கள். வீரர்களால் கூரைக்குப் போக முடியவில்லை. கிடங்கு அழிந்தது. பேனல் வரிசைகளுக்கு நடுவிலும் ஓரத்திலும் ஆள் நடக்க வழி விடுவது, அடுத்த முறை பேனலைக் கழுவ வசதியாக இருக்கும் என்பதற்காக மட்டும் இல்லை.

பெட்டிகள் இல்லாத வீட்டுக்காரர் இன்றைக்கே செய்யக்கூடியவை சிலவே. மீட்டர் பெட்டியின் மேல் வெயிலில் மங்காத ஒரு பலகை: "மாடியில் சோலார் உள்ளது. மெயினை அணைத்தாலும் மாடியிலிருந்து வரும் டிசி கம்பியில் மின்சாரம் இருக்கும். டிசி ஸ்விட்ச் படிக்கட்டின் கீழே." அதன் பக்கத்தில் கம்பி வரும் வழியைக் காட்டும் ஒரு கைப்படம். பேனலுக்கு அடியில் இருக்கும் வைக்கோலும் விறகும் இறங்க வேண்டும். டிசி கம்பி சமையலறை வழியாகவோ அலமாரிக்குப் பின்னாலோ போனால், வெளிச்சுவர் வழியாக மாற்றிப் போடுவதற்கு ஆகும் செலவு வீண் செலவு இல்லை.

## மறுநாள் காலை

தீ அணைந்துவிட்டது, வண்டி போய்விட்டது, இரவாகிவிட்டது. ஆறு பேனலில் இரண்டு கருகிக் கிடக்கின்றன, கண்ணாடி நொறுங்கியிருக்கிறது, கம்பிகள் உறை உரிந்து ஈரத் தரையில் தொங்குகின்றன. இருட்டில் எல்லாம் செத்தது போலத் தெரியும். அணைத்த களைப்பில் வீட்டாரும் தூங்கப் போய்விடுவார்கள்.

காலை ஆறரைக்கு வெளிச்சம் வருகிறது. நொறுங்கிய பேனலும் மின்சாரம் தரும். யுஎல் சோதனையில் மோசமாகச் சேதமான பேனல்களும் ஆபத்தான அளவு மின்சாரம் தந்திருக்கின்றன. உறையில்லாத இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தால், முதல் நாள் இரவு அணைந்த இடத்தில் மறுபடி பொறி கிளம்பும். குப்பையை அள்ள மாடிக்கு ஏறுகிறவர் அதைத் தொடலாம்.

ஆகவே அன்றைக்கு இரவே, இருட்டாக இருக்கும்போதே, சோலார் டிசி வேலை தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் காப்புக் கையுறையோடு வந்து, முதலில் மீட்டர் வைத்துப் பார்த்து, பேனலைப் பேனலிலிருந்து பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கம்பி முனையையும் தனித்தனியாக டேப் சுற்றி, ஒன்றையொன்று தொடாமல் ஒதுக்கிக் கட்ட வேண்டும். எரிந்த பேனலை ஒளி புகாத கனத்த துணியால் மூடிக் கட்ட வேண்டும், அல்லது கண்ணாடிப் பக்கம் தரையைப் பார்க்கும்படி கவிழ்க்க வேண்டும். அவர் கிடைக்காவிட்டால் விடிவதற்குள் மாடிக் கதவைப் பூட்டி, அவர் வந்து முடிக்கும் வரை யாரையும் ஏற விடக் கூடாது. இன்சூரன்ஸுக்குப் படம் எடுப்பதும் அதற்குப் பிறகுதான்.